வரைவு விதிக்குக் கருத்து எழுதுவது எப்படி: அது வாக்கு அல்ல, திருத்தம்

அரசின் ஒரு துறை புதிய விதிகளின் வரைவை வெளியிட்டு, இந்தத் தேதிக்குள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிக்கிறது. அடுத்த சில நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும்: "கீழே உள்ளதை அப்படியே நகலெடுத்து இந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், பத்து பேருக்குப் பகிருங்கள்." அதைப் பார்க்கும் இன்னொரு கூட்டம், "எல்லாம் முன்பே முடிவு செய்துவிட்டார்கள், எழுதி என்ன ஆகப்போகிறது" என்று நகர்ந்துவிடும்.

இந்த இரண்டு எண்ணங்களும் ஒரே தவறான புரிதலிலிருந்து வருகின்றன. கருத்துக் கடிதத்தை ஒரு வாக்கு என்று இருவருமே நினைக்கிறார்கள். நிறைய வாக்கு சேர்க்கலாம் என்கிறார் முதலாமவர், வாக்கு செல்லாது என்கிறார் இரண்டாமவர். உண்மையில் அது வாக்கே அல்ல. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரு வாசகத்துக்கு நீங்கள் அனுப்பும் திருத்தம் அது. இதைப் புரிந்துகொண்டால் என்ன எழுத வேண்டும், எது வீண் என்பது தானாகத் தெளிந்துவிடும். இந்தியாவில் 2025-இல் வெளியான ஒரு வரைவையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

## சட்டம் வேறு, விதி வேறு

நாடாளுமன்றம் இயற்றுவது சட்டம். எந்தப் படிவம், எத்தனை நாள் கெடு, எப்படிச் சரிபார்ப்பது போன்ற நடைமுறை விவரங்களைச் சட்டம் பெரும்பாலும் சொல்லாது. "இவற்றை மத்திய அரசு விதிகள் மூலம் வகுக்கலாம்" என்று விட்டுவிடும். அந்த அதிகாரத்தைக் கொண்டு அமைச்சகம் எழுதுவதுதான் விதி. அதிகாரம் தந்த சட்டத்தைத் தாய்ச் சட்டம் என்பார்கள். இறுதியாவதற்கு முன் வெளியிடப்படும் விதியின் வடிவம்தான் வரைவு விதி.

தையல்காரரிடம் சட்டை தைக்கக் கொடுத்து, பாதி தைத்த நிலையில் போட்டுப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துணி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. நிறத்தை மாற்றச் சொன்னால் அவரால் முடியாது. "நன்றாக இல்லை" என்று மட்டும் சொன்னால் எதைச் செய்வதென்று அவருக்குத் தெரியாது. "தோள் பிடிக்கிறது, அரை அங்குலம் விடுங்கள்" என்றால் உடனே சுண்ணக்கட்டியை எடுப்பார். தாய்ச் சட்டம்தான் அந்தத் துணி. கருத்துக் கேட்பு நடப்பது அளவு பார்க்கும் கட்டத்தில்.

சுருக்கமாக: விதி தாய்ச் சட்டத்தை மீற முடியாது. ஆகவே தாய்ச் சட்டத்தை மாற்றச் சொல்லும் கருத்து எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், விதி எழுதும் அதிகாரியின் கைக்கு எட்டாத ஒன்றைத்தான் கேட்கிறது.

## கருத்துக் கேட்பது சலுகையா, கடமையா?

இரண்டும் உண்டு. சில தாய்ச் சட்டங்கள், விதிகளை "முன்வெளியீட்டுக்கு உட்பட்டு" இயற்ற வேண்டும் என்று சொல்கின்றன. இறுதி செய்வதற்கு முன் வரைவை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனைதான் முன்வெளியீடு. அதன் நடைமுறை 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம், பிரிவு 23-இல் இருக்கிறது. பாதிக்கப்படக்கூடியவர்கள் அறியும்படி வரைவை வெளியிட வேண்டும். எந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ அது பரிசீலனைக்கு எடுக்கப்படும் என்பதை அறிவிக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் வந்த ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும்.

தாய்ச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லையென்றால் பிரிவு 23 பொருந்தாது. அப்போது கைகொடுப்பது 2014-இல் மத்திய அரசு வகுத்த முன்சட்டக் கலந்தாய்வுக் கொள்கை. வரைவைக் குறைந்தது 30 நாட்கள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் தொகுப்பை இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது அது. ஆனால் அது கொள்கைதான், சட்டம் அல்ல.

அதே பிரிவு 23-இல் இன்னொரு வரியும் இருக்கிறது. முன்வெளியீட்டுக்குப் பிறகு இயற்றப்பட்டதாகச் சொல்லி ஒரு விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறையாக இயற்றப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று. "என் கருத்தைப் படிக்கவே இல்லை" என்று பின்னால் வழக்காடுவதை இது மிகவும் கடினமாக்குகிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1946-இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் கீழ், முக்கியமான கருத்துகளுக்கு விதி இயற்றும் அமைப்பு பதில் சொல்லியாக வேண்டும் என்பதை அங்கே நீதிமன்றங்கள் நிலைநிறுத்தியுள்ளன. நம் உச்ச நீதிமன்றமும் 2016-இல், அலைபேசி அழைப்பு துண்டிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிமுறையை ரத்து செய்த தீர்ப்பில், அமெரிக்கச் சட்டத்தைப் போன்ற ஒன்றை நாடாளுமன்றம் இயற்றுவது நல்லது என்று சொன்னது. பொதுவான அப்படியொரு சட்டம் இங்கே இன்னும் வரவில்லை. இது பெரிய குறை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதில் சொல்லும் கடமை இல்லாத இடத்தில், பதில் சொல்லாமல் தள்ளிவிட முடியாதபடி எழுதும் சுமை கருத்து எழுதுபவர் மீது விழுகிறது.

## எண்ணிக்கை ஏன் எடுபடுவதில்லை

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2017-இல், இணைய சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிகளை நீக்க முன்மொழிந்தபோது, சுமார் 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் குவிந்தன. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் விசாரித்து 2021-இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலியானவை என்றது. நீக்கத்தை ஆதரித்தும் போலிகள் வந்தன, எதிர்த்தும் வந்தன. ஒரே ஒரு கல்லூரி மாணவர் கணினி நிரல் மூலம் புனைபெயர்களில் 70 லட்சத்துக்கும் மேல் அனுப்பியிருந்தார்.

அத்தனை பெரிய குவியலை அதிகாரிகள் எப்படிப் படிப்பார்கள்? ஒரே வாசகம் கொண்டவற்றை ஒன்றாகக் கட்டி, "இந்தக் கருத்து இத்தனை பேரிடமிருந்து வந்தது" என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். லட்சம் நகல்கள் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். வேறு யாரும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லும் ஒற்றைக் கடிதமும் அதே தொகுப்பில் தனக்கென ஒரு வரியைப் பிடிக்கும்.

கூட்டாக எழுதுவதற்குப் பயனே இல்லை என்று சொல்லவில்லை. மக்களின் அக்கறையை அது ஊடகத்துக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் காட்டும். ஆனால் அது அரசியல் அழுத்தம், வேறு வழியில் வேலை செய்வது. வரைவின் ஒரு சொல்லை மாற்ற அது போதாது.

## ஒரு வரைவை எடுத்து எழுதிப் பார்ப்போம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் பிரிவு 40, விதிகளை முன்வெளியீட்டுக்கு உட்பட்டு இயற்ற வேண்டும் என்கிறது. அதன்படி 2025 ஜனவரி 3 அன்று மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வரைவு விதிகளை வெளியிட்டது. கருத்துக்கான கடைசி நாள் பிப்ரவரி 18 என்று முதலில் அறிவிக்கப்பட்டு, பிறகு மார்ச் 5 வரை நீட்டிக்கப்பட்டது.

இதில் பெற்றோர் பலரையும் பேசவைத்தது வரைவின் 10-ஆவது விதி. சமூக ஊடகமோ விளையாட்டுச் செயலியோ, ஒரு குழந்தையின் தரவைக் கையாளும் முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும். எப்படிச் சரிபார்ப்பது? "நான்தான் பெற்றோர்" என்று சொல்பவர் 18 வயது நிரம்பியவரா, தேவைப்பட்டால் அடையாளம் காணக்கூடியவரா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் தரப்பட்டன. ஒன்று, நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் நம்பகமான அடையாள, வயது விவரங்கள். மற்றொன்று, அவரே முன்வந்து தரும் விவரங்கள், அல்லது அவற்றோடு இணைக்கப்பட்ட மெய்நிகர் டோக்கன். அரசு அல்லது சட்டம் பொறுப்பளித்த அமைப்பு வழங்கும் மின்னணு அடையாளச் சீட்டுதான் இந்த டோக்கன். டிஜிலாக்கர் போன்ற சேவை வழியாக வருவதும் இதில் அடங்கும்.

இப்போது ஒருவருக்கு மூன்று எண்ணங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது: "பதினாறு வயதுப் பிள்ளைக்கெல்லாம் பெற்றோர் ஒப்புதல் கேட்பது அநியாயம், வயதை 16 ஆக்குங்கள்." இது அப்படியே போனால் வீண். குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர் என்று தாய்ச் சட்டத்தின் பிரிவு 2 வரையறுத்துவிட்டது. விதி அதைத் தொட முடியாது. ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 9, உட்பிரிவு 5-ஐப் பாருங்கள். ஒரு நிறுவனம் குழந்தைகளின் தரவைச் சரிபார்க்கத்தக்க வகையில் பாதுகாப்பாகக் கையாள்கிறது என்று அரசுக்குத் திருப்தி ஏற்பட்டால், குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்கள் விஷயத்தில் அந்த நிறுவனத்துக்கு விலக்கு தரலாம் என்கிறது. ஆகவே கேட்க வேண்டியது, "இந்த உட்பிரிவின் கீழ் எந்த அளவுகோலை வைத்து விலக்கு தருவீர்கள் என்பதை வெளியிடுங்கள்" என்பது. ஆசை அதேதான், ஆனால் இப்போது அது அதிகாரியின் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. தாய்ச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு எழுத வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இரண்டாவது எண்ணம்: "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது." இது ஒரு முடிவு. எந்த வாக்கியத்தால், யாருக்கு, என்ன நடக்கும் என்பது அதில் இல்லை. அப்படியே அனுப்பினால் "பொதுவான எதிர்ப்பு" என்ற கட்டுக்குள் போய்விடும்.

மூன்றாவது எண்ணம்தான் வளமானது: "வந்தவர் வயது வந்தவர்தானா என்று பார்க்கிறீர்கள். அவர் அந்தக் குழந்தைக்குப் பெற்றோர்தானா என்று எங்கே பார்க்கிறீர்கள்?" வரைவை மறுபடி படித்தால் இது சரி என்று தெரியும். 15 வயதுச் சிறுவனுக்கு 19 வயது நண்பன் தன் டிஜிலாக்கரைக் காட்டி "நான்தான் பெற்றோர்" என்றாலும், அந்த விதியின் சொற்களைப் பொறுத்தவரை சரிபார்ப்பு முடிந்துவிடுகிறது.

குறையைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாமல், தீர்வை யோசிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான கடிதங்கள் தளர்ந்துவிடுகின்றன. "பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள்" என்று எழுதத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டிவரும். தரவைக் காக்க வந்த விதி, முன்பைவிட அதிகமான தரவை நிறுவனங்களிடம் சேர்த்துவிடும். ஒப்புதல் பெற்றாலும் குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டுமே பெறலாம் என்ற தாய்ச் சட்டத்தின் பிரிவு 6-க்கும் அது இசைவானதல்ல. போதாக்குறைக்கு, சட்டப்பூர்வப் பாதுகாவலரின் ஒப்புதலும் பெற்றோர் ஒப்புதலில் அடங்கும் என்கிறது பிரிவு 9. பாட்டியிடம் வளரும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் பாட்டியின் பெயர் இருக்காது.

சரி, அப்படியானால் என்ன கேட்கலாம்? டோக்கன் என்ற வழி வரைவிலேயே இருக்கிறது. அந்த டோக்கன் அடையாளத்தையும் வயதையும் உறுதி செய்கிறது. உறவையும் சேர்த்து, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் அது சொன்னால் போதும். ஆவணம் எதுவும் நிறுவனத்தின் கைக்குப் போகாது. கடிதத்தின் மையப் பத்தி இப்படி அமையலாம்:

"வரைவு விதி 10, உள்விதி 1 குறித்து. ஒப்புதல் தருபவர் வயது வந்தவர் என்பதை இது உறுதி செய்கிறது. அவர் குழந்தையின் பெற்றோர் என்பதை உறுதி செய்யவில்லை. நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். என் மாணவர்கள் கணக்குத் தொடங்க மூத்த நண்பர்களின் அலைபேசி எண்களைப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். இந்த விதியின் கீழும் அதே வழி திறந்திருக்கும். டோக்கன் பற்றிய கூறில், அடையாளம், வயது ஆகியவற்றை அடுத்து, 'பதிவு இருக்கும் இடத்தில், குழந்தையின் பெற்றோர் அல்லது சட்டப்பூர்வப் பாதுகாவலர் என்ற உறவு, ஆம் அல்லது இல்லை என்ற வடிவில் மட்டும்' என்று சேர்க்கக் கோருகிறேன். உறவுக்குப் பதிவு இல்லாத குடும்பங்களுக்கு வரைவில் உள்ள வழியே தொடரலாம்."

எட்டு வாக்கியங்கள்தான். ஆனால் படிக்கும் அதிகாரிக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது: எந்த இடம், என்ன குறை, எழுதுபவருக்கு அது எப்படித் தெரியும், என்ன சொற்களைச் சேர்க்க வேண்டும், அந்தச் சொற்கள் புதிதாக யாரைப் பாதிக்கும், அவர்களுக்கு என்ன வழி. கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் முன்மொழிந்த மாற்றத்துக்கு முதலில் எழும் ஆட்சேபணையை அமைச்சகத்துக்கு உள்ளேயே யாராவது எழுப்புவார்கள். அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருந்தால், கோப்பு அந்த இடத்தில் நின்றுவிடாது.

"நான் ஆசிரியர்" என்ற அந்த ஒரு வரியையும் கவனியுங்கள். பட்டமும் பதவியும் முக்கியம் என்பதற்காக அது இல்லை. அமைச்சகத்திடம் சட்ட வல்லுநர்கள் இருக்கிறார்கள், பெரிய நிறுவனங்களின் கருத்துகளும் வந்து குவியும். வகுப்பறையில் பிள்ளைகள் எப்படிக் கணக்குத் தொடங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை நேரில் பார்த்தவர் சொல்லும்போதுதான் அது ஆதாரமாகிறது. அதே சமயம், பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது. "எல்லா மாணவர்களும்" என்று பெருக்கி எழுதினால், உண்மையான அவதானிப்பும் அதோடு சேர்ந்து மதிப்பிழக்கும்.

சுருக்கமாக: வரைவில் உள்ள இடம், அதன் விளைவு, உங்களுக்குத் தெரிந்த விதம், மாற்று வாசகம். ஒரு கருத்துக்கு ஒரு பத்தி. மூன்று விதிகளைப் பற்றிச் சொல்ல இருந்தால் மூன்று தனிப் பத்திகள், ஒவ்வொன்றுக்கும் விதி எண்ணோடு. தொகுப்பவர்கள் விதி வாரியாகத்தான் பிரிப்பார்கள் என்பதால், கலந்து எழுதிய பத்தி எந்தக் கட்டுக்கும் முழுமையாகப் போய்ச் சேராது.

## மொழியும் கெடுவும்

தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குறைதீர்ப்புக்கான மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு. தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். மாற்று வாசகத்தை மட்டும் முடிந்தால் ஆங்கிலத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் விதிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரைவு செய்யப்படுகின்றன. நீங்கள் சொல்லும் சொல் அந்த வாக்கியத்தில் எங்கே உட்காரும் என்பது அப்போது குழப்பமில்லாமல் தெரியும்.

வரைவே நமக்குப் புரியும் மொழியில் வராமல் போவதுதான் அதைவிடப் பெரிய சிக்கல். 2020-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. பொதுமுடக்கக் காலத்தில், ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வந்த அந்த வரைவு குறித்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்கவும் உத்தரவிட்டது. கெடு போதவில்லை என்றால் நீட்டிப்புக் கேட்டு எழுதலாம், கேட்க வேண்டும். ஆனால் நீட்டிப்பு வரும் என்று நம்பி உங்கள் கருத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பிரிவு 23-இன்படி பரிசீலிக்கும் கடமை, குறித்த தேதிக்கு முன் வந்தவற்றுக்குத்தான்.

எங்கே அனுப்புவது என்பதையும் அறிவிப்பிலேயே பாருங்கள். தரவுப் பாதுகாப்பு வரைவுக்கு மைகவ் என்ற அரசு இணையதளத்தின் வழியாக, விதி வாரியாகக் கருத்துக் கேட்டார்கள். வேறு முகவரிக்கு அனுப்பியது எங்கோ தங்கிவிடலாம்.

## அனுப்பிய பிறகு

தரவுப் பாதுகாப்பு வரைவில், தனிப்பட்ட கருத்துகள் வெளியிடப்பட மாட்டா, இறுதி விதிகளுக்குப் பிறகு ஒரு தொகுப்பு மட்டுமே வெளியிடப்படும் என்று அமைச்சகம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. மற்றவர்கள் என்ன எழுதினார்கள், நிறுவனங்கள் எதைக் கேட்டன என்பதைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. இது நியாயமல்ல என்றே நான் கருதுகிறேன். எதிர்த்தரப்பின் வாதம் தெரிந்தால்தான் அதற்கு மறுப்பு எழுத முடியும். ஆகவே உங்கள் கடிதத்தின் நகலையும், அனுப்பியதற்கான ஒப்புகையையும், வரைவின் கோப்பையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இறுதி விதி வந்த பிறகு வரைவின் பக்கம் இணையதளத்தில் அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இறுதி விதிகள் வந்ததும் வரைவையும் அதையும் அருகருகே வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வரைவில் குழந்தைகளுக்கும், சட்டப்பூர்வப் பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்து ஒரே விதியாக இருந்த 10, இறுதியில் 10, 11 என்று இரண்டு தனி விதிகளாகப் பிரிந்தது. ஒப்புதல் தருபவர் வயது வந்தவர்தானா என்று பார்க்கும் அடிப்படை அப்படியே நின்றது. யாருடைய கருத்தால் எது மாறியது என்பதை இந்த ஒப்பீடு சொல்லாது. ஆனால் எந்தக் கோரிக்கை இன்னும் நிறைவேறாமல் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். அதை அடுத்துக் கொண்டுபோக இடம் உண்டு. விதிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்கிறது இதே தாய்ச் சட்டத்தின் பிரிவு 41. அங்கே அவற்றை மாற்றவும் நீக்கவும் அவைகளுக்கு அதிகாரம் இருக்கிறது. அமைச்சகத்துக்கு அனுப்பிய அதே பத்தியை, விதி எண்ணை மட்டும் புதுப்பித்து, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்பலாம்.